அண்ணாந்து குடிக்கும் இயந்திரம்

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அக்கா போன் செய்தாள். அவள் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். டிஷ்வாஷர் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"நேத்து ராத்திரி மெஷின் ஓடி முடிஞ்சதும் பாத்திரத்தையெல்லாம் எடுத்து அடுக்கிட்டேன்டா. இப்போ திறந்து பார்த்தா அடியில ஒரு சொம்பு தண்ணி நிக்குது. கலங்கலா இருக்கு. அதுல கடுகு மிதக்குது. நான் தாளிச்ச கரண்டியைக்கூட மெஷின்ல போடலையே!"

கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, பம்ப் பழுதாகியிருக்கும், மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கட்டடங்களில் தண்ணீர்க்குழாய், கழிவுக்குழாய் வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். என் சந்தேகமெல்லாம் அந்தக் கடுகின் மேல்தான் போனது. மெஷினுக்குள் போடாத கடுகு மெஷினுக்குள் இருக்கிறதென்றால் அது வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். வெளியில் கடுகு இருந்த ஒரே இடம் சிங்க். முந்தைய இரவு தாளிப்புக் கரண்டியை அக்கா சிங்க்கில்தான் கழுவியிருந்தாள். சிங்க்கின் எச்சில் தண்ணீர் வந்த வழியே திரும்பி, டிஷ்வாஷரின் வயிற்றுக்குள் போயிருந்தது.

டிஷ்வாஷர் பொருத்துவதில் கவனிக்க வேண்டிய முதல் காரியம் இதுதான். தண்ணீர் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய், மின்சாரத்துக்கு ஒரு பிளக், வேலை முடிந்தது என்று நினைப்போம். அந்த இரண்டு குழாய்களிலும் தண்ணீர் ஒரே திசையில் மட்டும் போகும்படி செய்வதுதான் உண்மையான வேலை.

எச்சில் படாமல் குடிப்பது போல

நம் வீடுகளில் சொம்பிலிருந்து தண்ணீர் குடிக்கும்போது அண்ணாந்து குடிப்போம். சொம்பின் விளிம்புக்கும் உதட்டுக்கும் நடுவே நாலு விரற்கடை வெற்றிடம் இருக்கும். தண்ணீர் அந்த இடைவெளியைத் தாண்டி வாயில் விழும். வாயிலிருந்து எதுவும் சொம்புக்குத் திரும்பி ஏற முடியாது. அதனால் அதே சொம்பிலிருந்து அடுத்தவரும் குடிக்கலாம்.

குழாய் வேலையில் இதற்கு 'ஏர் கேப்' என்று பெயர். காற்று இடைவெளி. நல்ல தண்ணீர்க் குழாயின் வாய்க்கும், அழுக்குத் தண்ணீர் எட்டக்கூடிய மட்டத்துக்கும் நடுவே காற்று மட்டும் இருக்கும்படி இடம் விடுவது. அந்த இடைவெளி குழாய் வாயின் விட்டத்தைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும், எந்த நிலையிலும் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது பிளம்பிங் விதிகளில் நெடுங்காலமாக இருக்கும் கணக்கு. இதில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. தேய்வதற்கும் துருப்பிடிப்பதற்கும் எதுவும் இல்லை. வால்வு எப்போதாவது பழுதாகும். காற்று பழுதாகாது.

இந்த விதிக்குப் பின்னால் உயிர்கள் போன வரலாறு இருக்கிறது. 1933-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதைப் பார்க்க வந்து இரண்டு பெரிய ஓட்டல்களில் தங்கியவர்களிடையே அமீபா வயிற்றுக்கடுப்பு பரவியது. ஊர் திரும்பிய பிறகு நோய்ப்பட்டவர்களும் பலர். 98 பேர் இறந்தார்கள். விசாரித்தபோது, அந்தக் கட்டடங்களின் பழைய குழாய் அமைப்பில் கழிவுநீரும் குடிநீரும் கலக்க வழி இருந்தது தெரிந்தது. குளியல் தொட்டி, கழிப்பறை போன்ற இடங்களிலிருந்து குடிநீர்க் குழாய்க்குள் அழுக்கு உறிஞ்சப்படக்கூடிய இணைப்புகள் அங்கே இருந்தன.

உறிஞ்சுவதா, குழாயா என்று தோன்றலாம். நம் ஊரிலேயே இதைப் பார்க்கலாம். மொட்டைமாடித் தொட்டி காலியான நேரத்தில் மேல் மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். கீழ் வீட்டில் யாரோ குழாயைத் திறந்து, குழாய்க்குள் மிச்சமிருந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கீழே இறங்கும் அந்தத் தண்ணீர் மேலே இருப்பதைத் தன்னோடு இழுக்கிறது. அந்த நேரம் மேல் வீட்டுக் குழாயில் மாட்டிய ரப்பர் டியூபின் நுனி அழுக்கு வாளியில் மூழ்கியிருந்தால், காற்றுக்குப் பதிலாக அழுக்குத் தண்ணீரைக் குழாய் உறிஞ்சும். பொதுக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கும் தெருவிலும் பக்கத்து வீட்டுக் குழாய்க்கு இதே கதிதான்.

டிஷ்வாஷரும் ஒரு வகையில் அழுக்கு வாளிதான். மிச்சச் சோறு, எண்ணெய், காரமான சோப்பு எல்லாம் கலந்த தண்ணீர் அதற்குள் சுழல்கிறது. அதற்கு இரண்டு வாசல்கள். முன்வாசலில் நம் நல்ல தண்ணீர், பின்வாசலில் சிங்க்கின் கழிவுக்குழாய். இரண்டு வாசலையும் தனித்தனியாகக் காக்க வேண்டும்.

முன்வாசல்: தண்ணீர் வரும் வழி

நல்ல தண்ணீர் வரும் பக்கத்தில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று சுவரில் நாம் கையால் திருகும் ஆங்கிள் காக். இன்னொன்று இயந்திரம் தானே திறந்து மூடும் மின்வால்வு. மின்சாரம் கொடுத்தால் திறக்கும், நிறுத்தினால் ஸ்பிரிங் மூடிவிடும். சில கம்பெனிகள் இன்லெட் ஹோஸின் சுவர்ப்பக்க முனையிலேயே ஒரு பெட்டி வைத்து அதற்குள் ஒரு மின்வால்வைப் பொருத்தியிருக்கும். அந்த வகை ஹோஸுக்குள் கம்பி ஓடும். நீளம் போதவில்லை, அல்லது அதிகம் என்று அதை அறுக்கவே கூடாது.

மின்வால்வு மூடியிருந்தால் அழுக்கு எப்படித் திரும்பும் என்று ஒரு பிளம்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த வால்வுகளில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். குழாயிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தமே அந்தச் சவ்வை அதன் இருக்கையில் அமுக்கிப் பிடிக்கிறது. அழுத்தம் இந்தப் பக்கமிருந்து இருக்கும் வரை இறுக்கமாக நிற்கும். திசை மாறிக் குழாய்ப் பக்கம் இழுத்தால் அந்தப் பிடி தளரலாம். ஆகவே தண்ணீரை நிறுத்தும் வேலைக்கு மின்வால்வு போதும், திரும்பாமல் காக்கும் வேலைக்கு அதை நம்பக் கூடாது.

அதைக் காப்பது இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் ஓர் ஏர் கேப். ஐரோப்பிய வடிவமைப்பில் வரும் பல டிஷ்வாஷர்களின் பக்கத் தகட்டைக் கழற்றினால், தட்டையான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தெரியும். உள்ளே வரும் தண்ணீர் அதில் மேலே ஏறி, ஒரு திறந்த இடைவெளியைத் தாவி, மறுபக்கப் பாதையில் விழுந்து தொட்டிக்குப் போகும். குழாய் எவ்வளவு உறிஞ்சினாலும் அந்த இடைவெளியில் இருக்கும் காற்றுதான் அதற்குக் கிடைக்கும். இயந்திரம் அண்ணாந்துதான் குடிக்கிறது.

முன்வாசலின் பெரிய காவலைச் செய்தவரே செய்து அனுப்பிவிடுகிறார். நம் பங்குக்குச் சில சிறு வேலைகள்தான், அவற்றில்தான் அதிகம் தவறு நடக்கிறது.

முதலாவது அழுத்தம். பல கையேடுகளில் தண்ணீர் அழுத்தம் குறைந்தது 0.5 பார் என்று இருக்கும். பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். எனவே 0.5 பார் என்றால் ஐந்து மீட்டர் உயரம். கடைசி மாடியில் இருப்பவர் கணக்குப் பார்க்கட்டும். ஆங்கிள் காக் தரையிலிருந்து அறுபது சென்டிமீட்டரில் இருக்கிறது, கூரை மூன்று மீட்டரில். தொட்டியின் அடி மொட்டைமாடியிலிருந்து இரண்டு மீட்டர் மேலே. மொத்தம் 4.4 மீட்டர்தான். தொட்டி பாதி காலியான நேரத்தில் இயந்திரம் தண்ணீர் வரவில்லை என்று பழுது காட்டி நிற்கும். மூன்று மாடி கீழே இருக்கும் வீட்டுக்கோ ஒன்பது மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும், கவலையில்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அந்தக் குழாயை முழுக்கத் திறந்து பத்து லிட்டர் வாளியைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் பெரும்பாலான இயந்திரங்களுக்குப் போதும்.

இரண்டாவது, ஆங்கிள் காக் இருக்கும் இடம். பல வீடுகளில் அதை இயந்திரத்துக்கு நேர் பின்னால் வைத்துவிடுகிறார்கள். இயந்திரத்தைத் தள்ளிய பிறகு கை போகாது. ஹோஸ் விட்டுப்போய்த் தண்ணீர் பீய்ச்சும் நேரத்தில் அறுபது கிலோ பெட்டியை இழுத்துக்கொண்டிருக்க முடியாது. சிங்க்குக்குக் கீழே, கதவைத் திறந்ததும் கை எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஹோஸை மாட்டும் முறை. மாட்டுவதற்கு முன் அந்தக் குழாயிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுங்கள். புதிதாக வேலை செய்த குழாயில் மணலும், பிவிசி சீவலும், உலர்ந்த பசைத் துணுக்கும் இருக்கும். அவை ஹோஸ் முனையிலுள்ள சின்னச் சல்லடையை அடைத்துவிடும். முக்கால் அங்குல மரையுள்ள குழாயில் ஹோஸின் நட்டைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று மட்டும் திருகினால் போதும். கசிவைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். நம் ஆட்கள் பழக்கத்தில் அந்த நட்டிலும் டெஃப்லான் டேப்பைச் சுற்றி ஸ்பேனரால் முறுக்குவார்கள். பிளாஸ்டிக் நட் அன்று கசியாது, சில மாதம் கழித்து விரியும். டேப் தேவைப்படுவது ஆங்கிள் காக் சுவருக்குள் போகும் மரையில்தான்.

பின்வாசல்: அழுக்கு போகும் வழி

அக்கா வீட்டுக் கடுகு பின்வாசல் வழியாக வந்தது. அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள நான்கு உயரங்களை மனதில் வைத்தால் போதும். எல்லாம் தரையிலிருந்து அளந்தவை.

டிஷ்வாஷரின் உள்தொட்டியின் அடி சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. சிங்க்குக்குக் கீழே பாட்டில் டிராப் என்கிற குப்பி போன்ற பாகம் உண்டு. அதில் டிஷ்வாஷரின் டிரெயின் ஹோஸை மாட்டுவதற்கான சிறு மூக்கு 45-ல் இருந்தது. சிங்க்கின் அடி 64, அதன் விளிம்பு 84.

பொருத்த வந்தவர் ஹோஸை இயந்திரத்தின் பின்னாலிருந்து தரையோடு ஓட்டி, நேராக அந்த 45 சென்டிமீட்டர் மூக்கில் மாட்டிவிட்டார். வழியில் இதைவிட உயரமான இடம் எதுவும் இல்லை. சிங்க்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அந்த மூக்கிலிருந்து இரண்டு வழிகள். ஒன்று சுவருக்குள் போகும் கழிவுக்குழாய். மற்றொன்று இறக்கமாகவே டிஷ்வாஷருக்கு. கழிவுக்குழாய் நன்றாக இழுத்தவரை தண்ணீர் முதல் வழியில் போனது. சோற்றுக் கஞ்சியும் எண்ணெய்யும் படிந்து அந்தக் குழாய் குறுகத் தொடங்கியதும், தேங்கிய தண்ணீர் இரண்டாவது வழியைப் பிடித்தது.

இயந்திரத்தின் பம்ப் அருகே ஒரு சின்ன மடல் வால்வு உண்டு. வெளியே போன தண்ணீர் திரும்பினால் தானே மூடிக்கொள்ளும். அக்கா வீட்டு இயந்திரத்தில் அதைக் கழற்றிப் பார்த்தேன். மடலுக்கு நடுவே ஒரு கறிவேப்பிலைக் காம்பு குறுக்கே கிடந்தது. ஒரு காம்பின் தடிமன் அளவு திறந்திருந்தாலே போதும், இரவு முழுவதும் சொட்டிச் சொட்டி ஒரு சொம்பு சேர்ந்துவிடும். பம்பில் ஒரு குறையும் இல்லை.

ஹோஸ் ஏறி இறங்கும் வளைவு

இதற்கான முதல் தீர்வு, டிரெயின் ஹோஸை முதலில் மேலே ஏற்றிப் பிறகு இறக்குவது. இயந்திரத்திலிருந்து வரும் ஹோஸைச் சிங்க் மேடையின் அடிப்பாகம் வரை தூக்கி, அங்கே கிளிப் போட்டு இறுக்கி, அதன் பிறகு கீழே இறக்கி மூக்கில் மாட்ட வேண்டும். அக்கா வீட்டில் வளைவின் உச்சி 78 சென்டிமீட்டரில் அமைந்தது. இப்போது தேங்கிய தண்ணீர் டிஷ்வாஷருக்குப் போக வேண்டுமென்றால் 78 வரை ஏறியாக வேண்டும். சிங்க்கின் அடியே 64-ல்தான் இருக்கிறது. அதாவது சிங்க்கில் 14 சென்டிமீட்டர் அளவு தண்ணீர் தேங்கினாலன்றி வளைவைத் தாண்டாது. அத்தனை தேங்கும் முன்பே வீட்டில் யாராவது கவனித்துவிடுவார்கள்.

இந்த வளைவு இன்னொரு வேலையும் செய்கிறது. பெரிய டிரம்மிலிருந்து தண்ணீர் எடுக்க ரப்பர் டியூபை உள்ளே விட்டு வாயால் ஒரு தடவை உறிஞ்சினால், பிறகு தானே வடிந்துகொண்டிருக்கும் அல்லவா? டிரெயின் ஹோஸ் தரையோடு கிடந்து, அதன் நுனி தரையிலுள்ள கழிவுத் துளையில் இறங்கியிருந்தால், டிஷ்வாஷருக்கும் அதுவே நடக்கும். இயந்திரம் முன்வாசலில் தண்ணீரை நிரப்ப நிரப்ப, பின்வாசலில் அது வடிந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மெஷின் தண்ணீரை மேலும் மேலும் எடுக்கும். சூடேறாது, பாத்திரத்தில் சோப்பு அப்படியே இருக்கும், கடைசியில் பழுது என்று நிற்கும். ஹோஸ் ஓரிடத்தில் தொட்டியின் நீர்மட்டத்தைவிட நன்றாக உயர்ந்திருந்தால், பம்ப் தள்ளினாலொழியத் தண்ணீர் அந்த மேட்டைத் தாண்டாது.

வளைவு போடும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். கிளிப் இல்லாமல் வெறுமனே தூக்கி வைத்த ஹோஸ், பம்பின் அதிர்வில் சில வாரங்களில் சரிந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். இறுகக் கட்டுங்கள், ஆனால் ஹோஸ் மடங்கி நெரியக் கூடாது. இரண்டாவது, பம்ப் எவ்வளவு உயரம் தள்ளும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பல இயந்திரங்களுக்குத் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். உங்கள் கையேட்டில் இருக்கும் எண்ணைத் தாண்ட வேண்டாம்.

மூக்கில் மாட்டும்போது செய்யும் மிகச் சாதாரணமான தவறையும் சொல்லிவிடுகிறேன். புதிய பாட்டில் டிராப்பின் மூக்கு பல சமயம் உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் அடைக்கப்பட்டிருக்கும். அதை வெட்டித் திறக்காமலே ஹோஸை மாட்டிவிடுவார்கள். முதல் நாளே தண்ணீர் வெளியேறாமல் இயந்திரம் நிற்கும். இன்னொன்று, ஹோஸ் எப்போதும் டிராப்புக்கு முன்னால்தான் சேர வேண்டும். டிராப்பில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பான் பூச்சியையும் தடுக்கிறது. அதைத் தாண்டிச் சுவர்ப்பக்கக் குழாயில் துளை போட்டு ஹோஸைச் செருகினால், இரண்டும் பாத்திரம் கழுவும் பெட்டிக்குள் வரும்.

வளைவு போதாத இடம்

வளைவின் உச்சி மேடைக்குக் கீழேதான் இருக்க முடியும். சிங்க்கின் விளிம்போ மேடை மட்டத்தில் இருக்கிறது. அக்கா வீட்டில் உச்சி 78, விளிம்பு 84. கழிவுக்குழாய் முழுதாக அடைத்துக்கொண்டு, சிங்க் விளிம்பு வரை நிறைந்தால் என்ன ஆகும்? மேலே இருக்கும் அந்த ஆறு சென்டிமீட்டர் தண்ணீர் வளைவைத் தாண்டி இயந்திரத்துக்குள் இறங்கும். கீழ்த்தளத்து வீடுகளில் இது கற்பனை இல்லை. மேல் மாடிகளின் கழிவெல்லாம் ஒரே குழாயில் இறங்கிவரும்போது, கீழே அடைப்பு இருந்தால் அது முதலில் பொங்கும் இடம் தரைத்தளச் சிங்க்தான்.

இதற்காகத்தான் கலிபோர்னியா உள்ளிட்ட சில அமெரிக்க மாநிலங்களின் விதி வளைவோடு நிற்காமல் ஏர் கேப்பைக் கேட்கிறது. மகன், மகள் வீட்டுக்கு அங்கே போய் வந்தவர்கள் சிங்க் குழாய்க்குப் பக்கத்தில், மேடைமேல் ஒரு கட்டைவிரல் உயரத்தில் பளபளப்பான குமிழ் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். திருகினால் திருகாது, அமுக்கினால் ஒன்றும் வராது. அதுதான் டிஷ்வாஷரின் ஏர் கேப். டிஷ்வாஷரிலிருந்து வரும் சிறிய ஹோஸ் அந்தக் குமிழுக்குள் ஏறி முடிகிறது. தண்ணீர் அங்கே திறந்த காற்றைத் தாண்டி, பக்கத்திலுள்ள அகலமான இன்னொரு குழாயில் விழுந்து சிங்க்கின் கழிவுக்குப் போகிறது. இறங்கும் குழாய் ஏறும் குழாயைவிட அகலமாக இருப்பது, விழும் தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காக.

குமிழ் சிங்க்கின் விளிம்புக்கு மேலே இருப்பதில்தான் முழுப் பலனும் இருக்கிறது. கழிவு அடைத்துத் தண்ணீர் பின்னோக்கி ஏறினால், டிஷ்வாஷரை எட்டுமுன் குமிழின் துளை வழியே வெளியே கொட்டிவிடும். குமிழிலிருந்து தண்ணீர் வழிந்தால் குமிழ் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. அது கெடவில்லை. இறங்கும் குழாயில் அடைப்பு என்று சொல்கிறது. துளையை அடைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதை யோசிக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் இந்தக் குமிழ் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் நம் வீடுகளில் அதைவிடச் சுலபமான வசதி ஒன்று இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் நிற்கும் சர்வீஸ் ஏரியா. அங்கே சுவரோரம் ஒரு பிவிசி குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியில் டிராப் வைத்துக் கழிவில் சேர்த்து, மேல் வாயைத் திறந்தே விட வேண்டும். டிஷ்வாஷரின் டிரெயின் ஹோஸ் அந்த வாயில் கொக்கி போல் தொங்க வேண்டும். வாய்க்கும் ஹோஸுக்கும் நடுவே இடைவெளி இருக்கட்டும், துணியோ எம்-சீலோ வைத்து அடைக்காதீர்கள். ஹோஸ் ஒரு சாணுக்கு மேல் உள்ளே போக வேண்டாம். அடைப்பு ஏற்பட்டால் தண்ணீர் குழாய் வாயில் பொங்கித் தரையில் ஓடும். தரையிலுள்ள துளை வழியே வடிந்துவிடும். வாயின் மேல் வளைந்து ஏறியிருக்கும் ஹோஸின் உச்சியை அது எட்டாது. ஹோஸ் நுனி குழாய்க்குள் சற்று இறங்கியிருப்பதால் இது விதிப்புத்தகம் சொல்லும் முழு ஏர் கேப் ஆகாது. ஆனால் மூக்கில் இறுக மாட்டிய ஹோஸைவிட எவ்வளவோ நல்ல காவல்.

அக்கா வீட்டில் இதைத்தான் கடைசியில் செய்தோம். முதல் நாள் டிராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, கறிவேப்பிலைக் காம்பை எடுத்து, வளைவைக் கட்டிவிட்டேன். மறு வாரம் பிளம்பர் வந்து, சமையலறைச் சுவரில் இரண்டு அங்குலத் துளை போட்டு, சர்வீஸ் ஏரியாவில் எழுபது சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒன்றரை அங்குலக் குழாயை நிறுத்தினார். சிங்க்குக்கும் டிஷ்வாஷருக்கும் இப்போது நேரடித் தொடர்பே கிடையாது. பழைய மூக்கை மூடி போட்டு அடைத்துவிட்டோம்.

உங்கள் வீட்டில் சோதித்துப் பாருங்கள்

ஏற்கெனவே டிஷ்வாஷர் வைத்திருப்பவர்கள் அரை மணி நேரத்தில் மூன்று சோதனைகள் செய்யலாம்.

முதல் சோதனை சிங்க்கில். இயந்திரம் காலியாக, ஓடாமல் இருக்கட்டும். கதவைத் திறந்து, அடியில் சல்லடைக்குப் பக்கத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் நிற்பது இயல்பு, அது பம்பின் ரப்பர் காயாமல் இருக்க உதவும். இப்போது சிங்க்கை அடைத்து விளிம்பு வரை நிரப்பி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கலந்து, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். முழுக்க வடிந்த பிறகு மீண்டும் பாருங்கள். உள்ளே மட்டம் ஏறியிருந்தாலோ, மஞ்சள் நிறம் தெரிந்தாலோ சிங்க் தண்ணீர் உள்ளே வருகிறது என்று பொருள்.

இரண்டாவது சோதனை வடிவதற்கு. ஒரு குறுகிய கழுவலைத் தொடங்கி, தண்ணீர் நிரம்பும் சத்தம் நின்று சில நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுங்கள். சூடேறுமுன் கதவை மெல்லத் திறந்து மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் தானாக வடிகிறது. ஹோஸின் வளைவு போதாது, அல்லது சரிந்துவிட்டது.

மூன்றாவது சோதனை முன்வாசலுக்கு. ஆங்கிள் காக்கிலும் ஹோஸ் நட்டிலும் ஒரு காகிதத் துண்டைச் சுற்றி வைத்து, மறுநாள் காலை தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் காகிதம் காட்டிவிடும். கூடவே அந்த ஆங்கிள் காக்கை ஒரு தடவை மூடித் திறந்து பாருங்கள். போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்து திருகாமல் இறுகிப்போன வால்வு, அவசரத்துக்கு உதவாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதை மூடிவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் அது இறுகவும் செய்யாது.

இந்தச் சோதனைகளில் ஏதாவது தவறியிருந்தால், பம்பை மாற்றச் சொல்லும் முன் ஹோஸைப் பாருங்கள். புதிதாக வாங்குகிறவர்கள், பொருத்த வருபவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். டிரெயின் ஹோஸின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? சிங்க் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் எங்கே கொட்டும்? இரண்டாவது கேள்விக்கு "வெளியே" என்று பதில் வரும் வரை அவரை அனுப்பாதீர்கள். அழுக்குத் தண்ணீர் தரையில் கொட்டினால் துடைத்துவிடலாம். சாப்பிடும் தட்டில் வந்து சேர்ந்தால் நமக்குத் தெரியவே தெரியாது.